மெர்ச்சண்டைசர் பேப்பர் போட்டுவிட்டார்: பையருக்கு எப்போது, யார், எப்படிச் சொல்வது?

"அண்ணா, இந்த மாசத்தோட நின்னுக்கலாம்னு இருக்கறனுங்க."

போன வருஷம் ஜூலை 1-ஆம் தேதி, மாலை டீக்குப் பிறகு இதைச் சொன்னவர் ஆறு வருஷமாக எங்களிடம் இருந்த சீனியர் மெர்ச்சண்டைசர். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வெளிநாட்டு பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே நிற்கிற ஒரே ஆள். சாம்பிள், நிறம், விலை, டெலிவரி தேதி, தகராறு எல்லாமே அவர் வழியாகத்தான் போய் வரும். பையரைப் பொறுத்தவரை கம்பெனி என்பது பெரும்பாலும் அந்த ஒரு ஆள்தான்.

அவருக்கு முப்பது நாள் நோட்டீஸ் பீரியட். கையில் இரண்டு பையர்கள். ஜெர்மனியில் ஒருவர், குழந்தைகள் டி-ஷர்ட் இறக்குமதி செய்பவர், மூன்று ஸ்டைல், அதாவது மூன்று டிசைனுக்கான ஆர்டர், ஓடிக்கொண்டிருந்தது. பிரான்ஸில் ஒருவர், 8,000 பீஸ் ரிப்பீட் ஆர்டர், செப்டம்பர் 12 ஷிப்மென்ட். இந்த இருவருக்கும் செய்தியைச் சொல்வதில் எனக்கு முன்னால் இருந்த வழிகளையும், எதை எதற்காக எடுத்தேன் என்பதையும் எழுதுகிறேன். ஐ.டி. கம்பெனியிலோ ஆடிட்டர் ஆபீஸிலோ இருப்பவர்கள் 'ஸ்டைல்' என்கிற இடத்தில் உங்கள் வேலையைப் போட்டுக்கொள்ளலாம், கணக்கு கொஞ்சம் மாறும்.

எப்போது: மூன்று தேதிகள்

முதல் வழி, கேட்ட அன்றே சொல்லிவிடுவது. நேர்மையானது, மனசுக்கும் லேசு. ஆனால் பையர் கேட்கிற முதல் கேள்வி "ஏன் போகிறார்" என்பதல்ல. "அப்போ என் ஸ்டைலை யார் பார்ப்பாங்க" என்பதுதான். அதற்குப் பதில் இல்லாமல் போன் போட்டால் நாம் கொடுப்பது தகவல் அல்ல, கவலை. அடுத்த சீசன் விலை கேட்டு வேறு இரண்டு சப்ளையருக்கும் சேர்த்து மெயில் போவது அந்த ராத்திரிதான்.

இரண்டாவது வழி, பதிலாள் முடிவான பிறகு சொல்வது. கேட்பதற்கு இதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். இதில் இருக்கிற ஓட்டை, முடிவாவதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. இண்டர்வியூ செய்து, அந்த ஆளுக்கும் ஒரு மாத நோட்டீஸ் இருந்து, வந்து உட்காரும்போது பழையவர் போயே இரண்டு வாரம் ஆகியிருக்கும். அதற்குள் செய்தி கசியாது என்று நினைப்பவர்கள் திருப்பூர் பேக்கரிகளைப் பார்த்ததில்லை. நிட்டிங்காரர், டையிங்காரர், லேபிள் சப்ளையர், பையருக்காகத் தரம் பார்க்கிற பையிங் ஹவுஸ் க்யூ.சி. எல்லாரும் ஒரே இடத்தில்தான் டீ குடிக்கிறார்கள். ரகசியம் அதிகபட்சம் நாலு நாள் தாங்கும். பையரின் க்யூ.சி.க்குத் தெரிந்தால் பையருக்குத் தெரிந்த மாதிரி.

மூன்றாவது வழி, போன பிறகு சொல்வது. "நேற்றோடு அவர் விலகிவிட்டார், இனி இவர்" என்று ஒரு மெயில். போகிறவர் பையரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்கிற பயத்தில் முதலாளிகள் இதை எடுக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். "ரெண்டு வருஷம் இந்த லைன்ல வேற எங்கயும் சேரக்கூடாது" என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுதி வாங்கினாலும், 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின்படி, வேலையை விட்ட பிறகு ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கிற ஷரத்து செல்லாது. விலைப் பட்டியலை எடுத்துக்கொண்டு போனால் அது வேறு விவகாரம். பக்கத்துத் தெரு கம்பெனியில் சேர்வதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் மறைத்துச் சொல்வது இந்தப் பயத்துக்கு மருந்தா? பையரின் போனில் அவர் நம்பர் ஆறு வருஷமாக இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் அவரே சொல்வார், அதுவும் புது ஆபீஸிலிருந்து. அப்போது பேச்சின் முதல் வரி அவருடையதாக இருக்கும்.

எங்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. ஆகஸ்ட் மாதம் பிரான்ஸில் பாதி ஆபீஸ் லீவில் இருக்கும். ஜூலை 25-க்கு மேல் அந்த பையரைப் பிடிப்பதே கஷ்டம். பதிலாளுக்காகக் காத்திருந்தால், அவர் லீவு முடிந்து வந்து மெயிலைத் திறக்கும்போது ஆர்டர் தையலில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

நான் எடுத்தது முதலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒன்று. ஏழு வேலை நாள் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். அதற்குள் பதிலாள் முடிவானால் பேரோடு சொல்வது. ஆகாவிட்டால், "அடுத்த ஆள் வரும்வரை உங்கள் ஸ்டைல்களை நானே பார்க்கிறேன்" என்று என் பேரையே போட்டுச் சொல்வது. பேர் இல்லாமல் சொல்லக்கூடாது என்பதுதான் முக்கியம். அது யார் பேர் என்பது அடுத்த விஷயம்.

பதிலாள்: உள்ளேயிருந்தா, வெளியேயிருந்தா

இதை நீட்ட வேண்டாம். வெளியிலிருந்து பத்து வருஷ அனுபவசாலியை எடுத்தால் ரெஸ்யூமே அழகாக இருக்கும், ஆனால் பையரின் ஃபிட் எப்படி, எந்த நிறத்தில் பிடிவாதம், எதைக் கண்டுகொள்ள மாட்டார் என்பது தெரிய ஒரு சீசன் ஆகும். ஜெர்மன் பையருக்கு மூன்று வருஷமாக சாம்பிள் ஃபாலோஅப் பார்த்த அசிஸ்டென்ட் மெர்ச்சண்டைசர் எங்களிடமே இருந்தார். மெயில்களில் அவர் எப்போதும் சிசியில் இருந்ததால் பேர் அவர்களுக்குப் புதிதல்ல. இரண்டு பையரையும் அவரிடமே கொடுத்தேன்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. "ஜூனியரைத் தலையில கட்டறாங்க" என்று பையர் நினைக்கலாம். இதற்கு "மிகுந்த திறமைசாலி" என்று புகழ்ந்து எழுதுவது பயன்படாது, யாரும் படிப்பதில்லை. எதை அவரே முடிவு செய்வார், எதற்கு நான் வருவேன் என்று பிரித்துச் சொல்வதுதான் பயன்படும். நிறம், ட்ரிம்ஸ், சாம்பிள், உற்பத்தித் தேதி அவர் பொறுப்பு. விலை, டிஸ்கவுண்ட், ஏர் ஷிப்மென்ட் என்று பணம் வருகிற இடம் என் பொறுப்பு. பழையவருக்கும் அதே எல்லைதான் இருந்தது, ஆனால் யாரும் எழுதி வைத்ததில்லை.

யார் சொல்வது

போகிறவரே மெயில் போடுவது ஒன்று. பையருக்கு இதுதான் இயல்பாக இருக்கும். ஆனால் முதலாளிக்குத் தெரியாமல் நடந்த மாதிரி ஒரு வாடை அடிக்கும், "ஃபேக்டரியில ஏதாவது பிரச்சினையா" என்று அவரிடமே தனியாகக் கேட்பார்கள். நான் மட்டும் எழுதுவது இன்னொன்று. ஆறு வருஷம் தினமும் பேசிய ஆளைப் பற்றி, வருஷத்துக்கு இரண்டு தடவை பேசுகிற நான் எழுதினால் அது ஆபீஸ் சுற்றறிக்கை போல இருக்கும். "அவரை அனுப்பிட்டாங்களோ" என்ற சந்தேகமும் வரும்.

மூன்றாவது, வருகிறவர் தானே அறிமுகப்படுத்திக்கொண்டு எழுதுவது. இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. தெரியாத பேரிலிருந்து "இனி உங்கள் ஆர்டர்களை நான் பார்க்கிறேன்" என்று வருகிற மெயிலை இன்றைக்கு எந்த பையரும் நம்பக்கூடாது. மெயில் மோசடிக்காரர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். கம்பெனிப் பேரில் ஒரு எழுத்தை மாற்றி ஒரு டொமைன் வாங்குவார்கள். ஆள் மாறிவிட்டது என்று முதல் மெயில் போகும். இரண்டு வாரம் கழித்து வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று அடுத்த மெயில் போகும். பணம் எங்கோ போன பிறகுதான் இரண்டு பக்கமும் பேசிக்கொள்வார்கள். உண்மையான ஆள் மாற்றம் நடக்கிற நேரம் அவர்களுக்கு நல்ல வாய்ப்பு, ஏனென்றால் பையர் புதுப் பேர்களை ஏற்கத் தயாராக இருக்கிறார்.

ஆகவே வரிசை இப்படி வைத்தோம். ஜூலை 8, முதலில் நான் போன் செய்தேன். கோடையில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், நமக்கு மதியம் இரண்டு மணி என்றால் அங்கே காலை பத்தரை. காபி குடித்து மெயில்களை முடித்திருப்பார்கள், லஞ்சுக்குப் போயிருக்க மாட்டார்கள். பேச்சு ஐந்து நிமிஷம்தான். போன் வைத்த அரை மணி நேரத்தில் போகிறவரின் பழைய மெயில் ஐ.டி.யிலிருந்தே மெயில் போனது, சிசியில் நானும் வருகிறவரும். அதே மெயிலுக்கு மேலேயே நான் ஒரு பதில் போட்டேன். வருகிறவர் அன்று எழுதவில்லை. மறுநாள், ஸ்டைல் சம்பந்தமான ஒரு வேலை மெயிலோடுதான் வந்தார்.

பிரெஞ்சு பையரிடம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. அவரிடம் பேசும்போது போகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் பேசினேன். இதுவே நல்ல முறை என்று இப்போது தோன்றுகிறது.

ஜெர்மன் பையருக்கு மெயில் ஆங்கிலத்தில்தான் போனது, ஆனால் அதன் உள்ளடக்கம் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"ஜூலை 31-ஆம் தேதியோடு நான் இங்கிருந்து விலகுகிறேன். இன்று முதல் அக்டோபர் டெலிவரி ஸ்டைலை சிசியில் உள்ள என் சக ஊழியர் பார்ப்பார், மூன்று வருஷமாக உங்கள் சாம்பிள்களை அனுப்பிவருபவர் அவர்தான். பேக்கிங்கில் இருக்கிற ஸ்டைலை ஷிப்மென்ட் வரை நானே முடித்துக் கொடுக்கிறேன். உற்பத்திக்கு முந்தைய பி.பி. சாம்பிள் உங்களிடம் உள்ள ஸ்டைலில், உங்கள் கமெண்ட் வரும்வரை நான், அதற்குப் பிறகு அவர். வரும் செவ்வாய்க்கிழமை மூவரும் இருபது நிமிஷம் வீடியோவில் பேசலாமா? எங்கள் வங்கிக் கணக்கு உட்பட வேறு எதுவும் மாறவில்லை. அப்படி ஏதாவது மாறினால் மெயிலில் மட்டும் சொல்ல மாட்டோம். அந்த மாதிரி மெயில் வந்தால் உங்களிடம் ஏற்கெனவே உள்ள நம்பரில் முதலாளியைக் கூப்பிட்டுக் கேளுங்கள்."

ஏன் போகிறார், எங்கே போகிறார் என்று ஒரு வார்த்தை இல்லை என்பதைக் கவனியுங்கள். "சொந்தக் காரணங்களுக்காக" என்றுகூடப் போடவில்லை. அதைப் போட்டால்தான் என்ன காரணம் என்று கேட்பார்கள். போனில் கேட்டபோது "வேற இடத்துல வாய்ப்பு வந்திருக்கு, நல்லபடியாத்தான் போறார்" என்றேன், விட்டுவிட்டார்கள்.

சொல்வது ஒரு நாள், மாற்றுவது ஒரு நாள்

மெயிலில் ஸ்டைல் வாரியாகப் பிரித்திருந்தது எனக்குப் பட்ட ஒரு அடியிலிருந்து வந்த பழக்கம். பல வருஷம் முன்பு வேறொரு மெர்ச்சண்டைசர் போனபோது, ஒரே நாளில் எல்லா ஃபைலையும் அடுத்தவர் மேசைக்கு மாற்றினோம். ஃபைல் பக்காவாக இருந்தது. பையர் கொடுக்கிற விவரத் தாளான டெக் பேக், பி.ஓ., அப்ரூவ்டு சாம்பிள், எல்லாம். அதில் ஒரு குழந்தைகள் டி-ஷர்ட் ரிப்பீட் ஆர்டர், 3,200 பீஸ். டெக் பேக்கில் கழுத்தில் நெய்த லேபிள் என்று இருந்தது, புது ஆள் அப்படியே வாங்கித் தைக்கக் கொடுத்தார். ஆனால் அதற்கு முந்தைய ஆர்டரிலேயே, லேபிள் பிள்ளைகள் கழுத்தில் குத்துகிறது என்று புகார் வந்து, இனிமேல் துணியிலேயே சூட்டில் ஒட்டுகிற ஹீட் டிரான்ஸ்ஃபர் லேபிள் போடுங்கள் என்று பையர் சொல்லியிருக்கிறார். வாட்ஸ்அப்பில், வாய்ஸ் மெசேஜாக, பழையவரின் சொந்த போனுக்கு. டெக் பேக்கை அவர்களும் திருத்தவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில்தான் தெரிந்தது. கழுத்துத் தையலைப் பிரித்து லேபிளை எடுத்தால் மெல்லிய ஜெர்ஸி துணியில் ஊசி ஓட்டை தெரிகிறது. ஐந்து நாள் போனது, கப்பலும் போனது.

அதிலிருந்து நான் கேட்பது ஃபைலை அல்ல. "ஃபைல்ல இல்லாதது என்ன?" என்று கேட்கிறேன். போகிறவரை உட்காரவைத்து, ஒவ்வொரு ஸ்டைலாக எடுத்து, டெக் பேக்கில் எழுதியிருப்பதற்கும் நாம் உண்மையில் செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு, வருகிறவர் கையால் எழுதச் சொல்வேன். போன ஜூலையில் இப்படி ஒன்பது விஷயம் வந்தது. அதில் நாலு, பையர் வாயால் ஒப்புக்கொண்டவை. நேவி நிறத்தில் ஒரு ஷேடு கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை என்றது, பாலிபேக் ஸ்டிக்கரை இடம் மாற்றியது போன்றவை. செவ்வாய்க்கிழமை வீடியோ காலில் அறிமுகப் பேச்சு இரண்டு நிமிஷம்தான். மீதி நேரம் இந்த நாலையும் ஒவ்வொன்றாகப் பையரிடம் படித்துக்காட்டி, பழையவர் முன்னாலேயே "ஆமாம்" வாங்கி, அன்றே மெயிலில் போட்டோம். மூன்றுக்கு ஆமாம் வந்தது. நேவி விஷயத்தில் "நான் அப்படிச் சொல்லலையே, அந்த ஒரு லாட்டுக்கு மட்டும்தானே சொன்னேன்" என்றார். துணி டையிங்குக்குப் போவதற்கு ஆறு நாள் முன்பு.

எந்த வேலையை எப்போது மாற்றுவது என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவுகோல், பையர் கடைசியாக எடுத்த முடிவு எது, அடுத்து எடுக்கப்போகும் முடிவு எது என்பது. இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும், அங்கேதான் மாற்ற வேண்டும். பி.பி. சாம்பிள் பையர் மேசையில் இருக்கும்போது ஆளை மாற்றினால், வருகிற கமெண்ட் எதற்கானது என்று புதியவருக்குத் தெரியாது, அந்த சாம்பிளுக்காக நடந்த பேரம் அவர் காதில் விழுந்திருக்காது. கமெண்ட் வந்து அதை இருவரும் சேர்ந்து படித்த பிறகு மாற்றினால் ஒன்றும் ஆகாது. சின்னத் துணியில் சாயமேற்றி நிறம் சரிபார்க்கிற லேப் டிப் நிலையில் இருக்கிற ஸ்டைலை முதல் நாளே கொடுத்துவிடலாம், தவறு நடந்தாலும் போவது ஒரு வாரம்தான். பேக்கிங்கில் இருப்பதைத் தொடாமல் விட்டுவிடுவது நல்லது.

இதெல்லாம் நல்லபடியாகப் போகிறவருக்கு. தகராறில் போகிறவர், நாமே அனுப்புகிறவர் என்றால் இவ்வளவு நிதானம் கிடைக்காது. அன்றே மெயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, முதலாளியே போன் செய்து, முதலாளி பேரிலேயே மெயில் போட்டு, ஒரு மாதத்துக்கு எல்லா ஸ்டைலையும் முதலாளியே பார்க்க வேண்டியதுதான். பையரிடம் குறை சொல்லக்கூடாது. போன மாதம் வரை அந்த ஆளைத்தானே நீங்கள் அவரிடம் பேசவிட்டீர்கள்.

பிறகு

போனவரின் மெயில் ஐ.டி.யை அழித்துவிடுவது பலர் செய்கிற அவசரம். நாங்கள் அதை எனக்கு வரும்படி திருப்பிவிட்டு, புது ஆள் பேரும் ஐ.டி.யும் உள்ள ஒரு தானியங்கிப் பதிலை வைத்தோம். ஒரு சீசனாவது அது உயிரோடு இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எழுதுகிற பையர்களும் உண்டு. வாட்ஸ்அப்புக்கு கம்பெனி சிம் ஒன்று வாங்கி புது குரூப் தொடங்கினோம், இதை ஆறு வருஷம் முன்பே செய்திருக்க வேண்டும்.

மாற்றம் ஒட்டவில்லை என்பதற்கு அடையாளம் ஒன்றைச் சொல்கிறேன். புகார் வருவது அடையாளம் அல்ல. பையர் புதியவரைத் தாண்டி நேராக எனக்கு எழுத ஆரம்பிப்பதுதான். ஆகஸ்ட் முதல் வாரம் ஜெர்மனியிலிருந்து அப்படி மூன்று மெயில் வந்தன, மூன்றும் புதியவரே பதில் சொல்லக்கூடிய கேள்விகள். கை துறுதுறுத்தது. பதில் எழுதியிருந்தால் அடுத்த ஐந்து வருஷம் நான்தான் மெர்ச்சண்டைசர். புதியவரைப் பதில் எழுதச் சொல்லி, என்னை சிசியில் போடச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அன்று மாலைக்குள் பதில் போனது. நாலாவது மெயில் அவர் பேருக்கு வந்தது, சிசியில்கூட நான் இல்லை.

பிரெஞ்சு பையர் இன்றைக்கும் ஷிப்பிங் மெயில்களில் பழையவருக்கு ஒரு காப்பி போட்டுவிடுகிறார். அது என் இன்பாக்ஸில் வந்து விழுகிறது, அவருக்கு ஒரு தானியங்கிப் பதில் போகிறது. படிக்கிறாரா என்று தெரியவில்லை.